நேர்முகத் தேர்வில் கேட்கப்பட்ட கேள்வி: நகல்களுக்கிடையே இணைப்பு அறுந்தால் எந்தப் பக்கம் பணம் எடுக்க அனுமதிப்பீர்கள்?

தேன்சிட்டு

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் ஒரு நிறுவனத்தின் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் சுற்றில் நான் தடுமாறிய கேள்வியை இங்கே வைக்கிறேன். ஒரு வாலட் செயலியின் தரவுத்தளத்திற்கு மும்பையில் ஒரு நகலும் ஹைதராபாத்தில் ஒரு நகலும் இருக்கின்றன. ஒரு கணக்கில் 1000 ரூபாய் இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையிலான இணைப்பு அறுந்துவிட்டது, ஆனால் இரண்டு சர்வர்களும் நலமாக இயங்குகின்றன, இரண்டு பக்கமும் வாடிக்கையாளர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இப்போது ஹைதராபாத்துக்கு 800 ரூபாய் எடுக்கும் கோரிக்கை வருகிறது. என்ன பதில் தருவீர்கள்?

நான் கேப் தேற்றத்தைச் சொல்லி, கன்சிஸ்டன்சி, அவைலபிலிட்டி, பிளவைத் தாங்குதல் ஆகிய மூன்றில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் முதல் இரண்டை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தேர்வாளர், "இணைப்பு அறுந்துவிட்டது என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேனே, அதை வேண்டாம் என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கேள்விக்குச் சரியாக எப்படிச் சிந்திக்க வேண்டும் என்று அறிய விரும்புகிறேன்.

வடகரை

தேர்வாளர் கேட்டது நியாயமான கேள்வி. கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டில் கேப் கருத்தை முன்வைத்தார், கில்பர்ட்டும் லிஞ்ச்சும் 2002இல் அதை நிறுவினார்கள். "மூன்றில் இரண்டு" என்ற வாசகம் பலரைத் தவறான வழியில் கொண்டுபோய்விட்டது என்பதை 2012இல் புரூவரே எழுதினார். கம்பி அறுவதும் சுவிட்ச் பழுதாவதும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. ஆகவே பிளவு என்பது நாம் தேர்ந்தெடுக்கும் பண்பு அன்று. அது வந்துவிட்ட அந்த நேரத்தில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் என்ன பதில் தருவது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத் தன்னிடமுள்ள நகலில் 1000 ரூபாயைப் பார்க்கிறது. அதே நொடியில் மும்பையிலும் ஒருவர் அந்தக் கணக்கிலிருந்து 800 எடுக்கிறாரா என்பதை அறிந்துகொள்ள அதற்கு எந்த வழியும் இல்லை. "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், இரு பக்கமும் அவ்வாறே சொல்லியிருக்கும் நிலையில், இணைப்பு மீண்டும் வரும்போது கணக்கில் கழித்தல் 600 நிற்கும். "இப்போது முடியாது" என்று சொன்னால் கணக்கு சரியாக இருக்கும், ஆனால் பணம் உண்மையிலேயே இருந்தும் ஒருவர் வெறுங்கையுடன் திரும்புவார். இந்த இரண்டைத் தவிர, காத்திருக்கச் சொல்வது என்ற ஒன்று இருக்கிறது. ஆனால் இணைப்பு எப்போது வரும் என்று தெரியாதபோது, அது மறுப்பதற்கு இன்னொரு பெயர்தான்.

இரண்டே நகல்கள் இருந்தால் எந்தப் பக்கம் தொடரலாம் என்று இருவருக்குமே தெரியாது, ஏனெனில் எதிர்ப்பக்கம் செத்துவிட்டதா, பேச முடியாமல் இருக்கிறதா என்பதை உள்ளிருந்து பிரித்தறிய இயலாது. தேர்வாளர் வேண்டுமென்றேதான் இரண்டு என்று வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். மூன்றாவதாக டெல்லியில் ஒன்றைச் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்டிருந்தால் உரையாடல் அங்கிருந்து நகர்ந்திருக்கும். மூன்றில் இரண்டு ஒன்றையொன்று பார்க்க முடிந்தால் அந்தப் பக்கம் எழுதலாம், தனித்து நிற்கும் ஒன்று எழுதக் கூடாது என்ற விதியை வைத்துக்கொள்ள முடியும். கன்சிஸ்டன்சியைத் தேர்ந்தெடுத்தால் முழு அமைப்பும் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நிற்பது சிறுபான்மைப் பக்கம் மட்டுமே.

குயவன்

எனக்கு ஓர் ஐயம். கணக்கில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று தரவுத்தளத்தில் ஒரு செக் கட்டுப்பாடு வைத்துவிட்டால் கன்சிஸ்டன்சி கிடைத்துவிடுமே? டிரான்சாக்ஷன் பாடத்தில் ஏசிஐடி என்று படிக்கும்போது அதிலுள்ள "சி" இதைத்தானே சொல்கிறது?

வடகரை

எழுத்து ஒன்று, பொருள் வேறு. நீங்கள் சொல்லும் கட்டுப்பாடு ஒவ்வொரு நகலிலும் தனித்தனியாகச் சோதிக்கப்படும், இரண்டிலும் 1000இலிருந்து 800ஐக் கழித்தால் 200 என்பதால் இரண்டிலும் தேறிவிடும். மீறல் நிகழ்வது இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான். இங்கே கேட்கப்படுவது, பல நகல்கள் இருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே நகல் இருப்பதுபோலத் தோன்ற வேண்டும் என்பது. அதாவது ஒரு மதிப்பை எழுதியாயிற்று என்று யாருக்காவது சொல்லிவிட்டால், அதன் பிறகு எந்தச் சர்வரிடம் யார் படித்தாலும் அந்த மதிப்போ அதற்குப் பிந்தையதோ தெரிய வேண்டும்.

நிலாக்கல்

இதை இவ்வளவு சிக்கலாக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மூன்று நகல்கள் வைத்து, எழுதும்போது இரண்டிடமும் படிக்கும்போது இரண்டிடமும் ஒப்புதல் வாங்கினால் போதும். படிக்கக் கேட்கும் நகல்கள் R, எழுதக் கேட்கும் நகல்கள் W, மொத்த நகல்கள் N என்று வைத்தால், `R + W > N` ஆக இருக்கும்போது படிக்கும் கூட்டமும் எழுதிய கூட்டமும் ஒரு சர்வரிலாவது சந்தித்தே தீரும் என்பதால் எப்போதும் புதிய மதிப்புதான் கிடைக்கும். கசாண்ட்ரா தரவுத்தளத்தில் நான் இப்படித்தான் பயன்படுத்துகிறேன். நேர்முகத்தில் இந்தச் சூத்திரத்தைச் சொன்னால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

மணற்கேணி

நான் சிறிய குழு ஒன்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பராமரிப்பவன். கேப் தேற்றத்தைப் படிக்காமலேயே இந்தத் தேர்வை ஒரு நள்ளிரவில் செய்ய நேர்ந்தது, அதனால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்களிடம் எழுத்துகளை ஏற்கும் ஒரு பிரைமரியும் அதைப் பின்தொடரும் நகலாக ஒரு ஸ்டாண்ட்பையும் இருந்தன. எந்தத் தரவும் இழக்கக் கூடாது என்பதற்காக ஸ்டாண்ட்பையை ஒத்திசைவு நகலாக வைத்திருந்தோம், அதாவது ஸ்டாண்ட்பை பெற்றுக்கொண்டேன் என்று சொன்ன பிறகே கமிட் முடியும். ஓர் இரவு ஸ்டாண்ட்பையின் வட்டு நிரம்பி அது நின்றுவிட்டது. உடனே பிரைமரியில் எல்லா எழுத்துகளும் தொங்கத் தொடங்கின. சிபியு ஓய்வாக இருந்தது, வட்டு ஓய்வாக இருந்தது, பூட்டு எதுவும் இல்லை, படிக்கும் வினவல்கள் வேகமாக ஓடின. ஆனால் ஒரு கமிட்டும் திரும்பவில்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் பயன்பாட்டின் நிரலில் தவறு தேடிக்கொண்டிருந்தோம். பிறகு இதைப் பார்த்தபோதுதான் புரிந்தது:

```sql
SELECT pid, wait_event, query
FROM pg_stat_activity
WHERE wait_event = 'SyncRep';
```

காத்திருந்த எல்லா அமர்வுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. நலமாக இருந்த பிரைமரி, நாங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காகவே பதில் தராமல் நின்றிருக்கிறது. அன்றிரவு `synchronous_standby_names` மதிப்பைக் காலியாக்கி, அமைப்பை மறுபடி ஏற்றச் செய்து, சேவையைத் திருப்பினேன். பின்னர் இன்னொரு ஸ்டாண்ட்பையைச் சேர்த்து, இரண்டில் யார் ஒப்புக்கொண்டாலும் போதும் என்று மாற்றினோம்:

```
synchronous_standby_names = 'ANY 1 (s1, s2)'
```

இதில் ஒரு கூர்மையான இடம் இருக்கிறது. தொங்கிக்கொண்டிருந்த கமிட்டை ஒருவர் ரத்து செய்தால், போஸ்ட்கிரெஸ் அதைத் திரும்பப் பெறுவதில்லை. உள்ளூரில் அது கமிட் ஆகிவிட்டது, ஸ்டாண்ட்பைக்குப் போகாமல் இருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கையைத் தருகிறது, அவ்வளவுதான். எங்கள் பயன்பாடு காலாவதியானதும் ரத்து செய்துவிட்டு மறுபடி முயன்றதால் சில ஆர்டர்கள் இரண்டு முறை பதிவாகியிருந்தன. அவற்றைக் கையால் தேடிச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது.

வடகரை

மணற்கேணி, மிக நல்ல எடுத்துக்காட்டு. பிழை என்று பதில் வந்ததாலேயே எழுத்து நடக்கவில்லை என்று பொருள் கொள்ள முடியாது என்பதை நீங்கள் அனுபவித்துக் காட்டிவிட்டீர்கள். நிலாக்கல் சொன்ன சூத்திரத்திலும் அதே ஓட்டைதான் இருக்கிறது.

நிலாக்கல், நீங்கள் சொன்னதில் பாதி சரி. இரு கூட்டங்களும் சந்திக்கும் என்பது உண்மை. ஆனால் சூத்திரம் முடிந்துவிட்ட எழுத்துகளைப் பற்றித்தான் பேசுகிறது, பாதியில் நிற்கும் எழுத்தைப் பற்றி அதனிடம் ஒரு சொல்லும் இல்லை. மூன்று நகல்களிலும் மதிப்பு 5 என்று வையுங்கள். ஒருவர் 9 என்று எழுதுகிறார். முதல் சர்வர் எழுதிவிட்டது, மற்ற இரண்டுக்கும் செய்தி போய்ச் சேரவில்லை, எழுதியவருக்குப் பிழை திரும்பிவிட்டது. இப்போது ஒரு வாசகர் முதல் சர்வரையும் இரண்டாவதையும் கேட்டால் 9 என்று காண்கிறார். அவருக்குப் பின்னால் வருபவர் இரண்டாவதையும் மூன்றாவதையும் கேட்டால் 5 என்று காண்கிறார். காலம் பின்னோக்கிப் போனதுபோல இருக்கும். பெரும்பான்மை நகல்களிடம் கேட்கும் குவோரம் வாசிப்பில் கசாண்ட்ரா இதை ஓரளவு தடுக்கிறது. வேறுபாட்டைக் கண்டால், பதில் சொல்லும் முன்பே பின்தங்கிய சர்வரில் 9ஐ எழுதிவிட்டுத்தான் பதில் தருகிறது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: தோல்வி என்று ஒருவருக்குச் சொல்லப்பட்ட எழுத்து, இன்னொருவர் படித்த காரணத்தால் உயிர் பெற்றுவிட்டது.

வாலட்டுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 1000 என்று படித்து, 800ஐக் கழித்து, 200 என்று எழுதுவது இரண்டு தனிச் செயல்கள். இருவர் ஒரே நேரத்தில் குவோரமாகப் படித்தால் இருவருக்கும் 1000 என்றே கிடைக்கும், இருவரும் 200 என்று எழுதுவார்கள். எல்லாச் சர்வர்களும் ஒற்றுமையாக 200 என்று சொல்லும், 1600 ரூபாய் வெளியே போயிருக்கும். கசாண்ட்ராவில் இத்தகைய இரு எழுத்துகளில் பிந்தைய நேரமுத்திரை உள்ளது நிற்கும். ஒரு சர்வரின் கடிகாரம் 200 மில்லிசெகண்டு முந்தி ஓடினால், உண்மையில் பின்னால் வந்த எழுத்து சத்தமில்லாமல் தோற்றுவிடும், எந்தப் பதிவேட்டிலும் பிழை தெரியாது. படித்தது மாறாமல் இருந்தால் மட்டும் எழுது என்ற நிபந்தனை எழுத்து வேண்டும், அதற்குச் சர்வர்களுக்கிடையே இன்னும் சில சுற்றுப் பேச்சு தேவைப்படும்.

நிலாக்கல்

ஒப்புக்கொள்கிறேன், படித்து எழுதும் இடைவெளியை நான் எண்ணவில்லை. எங்கள் பயன்பாட்டில் சென்சார் அளவீடுகளை மட்டுமே சேமிக்கிறோம், ஒரு வரிசையை இருவர் எழுதுவதே இல்லை, அதனால் இது கண்ணில் படவில்லை. ஆனாலும் ஸ்டாண்ட்பையின் ஒப்புதலுக்குக் காத்திராத ஒத்திசையா நகலாக்கத்தை ஏன் எல்லாரும் இவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. ஸ்டாண்ட்பை சில மில்லிசெகண்டுதான் பின்தங்குகிறது. பிரைமரி விழுந்தால் தானாகவே ஸ்டாண்ட்பையை உயர்த்திவிட்டால் யாருக்கும் தெரியாதே?

பனைநிழல்

அதற்குப் பொதுவெளியில் விரிவாக எழுதப்பட்ட ஒரு நிகழ்வே பதில் சொல்கிறது. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில், பழுதாகிக்கொண்டிருந்த 100 கிகாபிட் ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும் பணியின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள வலையமைப்பு மையத்திற்கும் முதன்மைத் தரவு மையத்திற்கும் இடையிலான இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. சேவை பாதிக்கப்பட்டிருந்த காலம் 24 மணி நேரம் 11 நிமிடம். 43 நொடி எப்படி ஒரு முழு நாளானது என்பதைத் தொடர்ந்து பார்த்தால் இந்த இழையின் கேள்வி முழுவதும் அதற்குள் இருக்கிறது.

அவர்களுடைய மைஎஸ்கியூஎல் பிரைமரிகள் கிழக்கில் இருந்தன, மேற்குக் கரையில் ஒத்திசையா நகல்கள் இருந்தன. பிரைமரி விழுந்ததா என்று பார்த்துப் புதியதை உயர்த்தும் ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் பல இடங்களில் ஓடியது. இணைப்பு அறுந்ததும், மேற்கிலும் கிழக்கின் பொது கிளவுடிலும் இருந்த ஆர்கெஸ்ட்ரேட்டர் சர்வர்கள் தங்களுக்குள் பெரும்பான்மை கண்டு, மேற்கிலுள்ள நகல்களைப் பிரைமரிகளாக உயர்த்தின. வடகரை சொன்ன பெரும்பான்மை விதியை அவை பிழையில்லாமல் பின்பற்றின. ஆனால் பெரும்பான்மையாகக் கூடித் தீர்மானித்தது யார் தலைவர் என்பதை மட்டுமே. தரவு எழுத்துகள் பெரும்பான்மையிடம் ஒப்புதல் பெற்று முடிந்தவை அல்ல. இணைப்பு அறுவதற்குச் சற்று முன்னும் அறுந்தபோதும் கிழக்கில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

இணைப்பு திரும்பியதும் பயன்பாடுகள் மேற்கில் எழுதத் தொடங்கின. இப்போது கிழக்கில் சில நொடிகளுக்கான எழுத்துகள் மேற்கில் இல்லை, மேற்கில் ஏறக்குறைய 40 நிமிட எழுத்துகள் கிழக்கில் இல்லை. எந்தப் பக்கத்தையும் மற்றதன் பின்தொடரும் நகலாக மாற்ற முடியாது. மிகவும் பரபரப்பான கிளஸ்டர்களில் ஒன்றில் அப்படி மாட்டிக்கொண்டவை 954 எழுத்துகள். நிலாக்கல் சொல்லும் "சில மில்லிசெகண்டு" என்பது அமைதியான நாளின் அளவு. பிளவு நேரத்தில் பழைய பிரைமரி தன்னைப் பிரைமரி என்றே நம்பி எழுதிக்கொண்டிருப்பதால் அந்த அளவு வளர்ந்துகொண்டே போகும்.

அங்கே பொறியாளர்கள் செய்த தேர்வு எனக்கு மிகவும் மதிப்பானது. கிழக்கின் அந்தச் சில நொடிகளை விட்டுவிடாமல், அதே நேரம் மேற்கின் 40 நிமிடத்தையும் இழக்காமல், காப்புப் பிரதிகளிலிருந்து கிழக்கை மறுபடி கட்டி, மேற்கோடு ஒத்திசையச் செய்து, அதன் பிறகே திருப்பினார்கள். அதற்காக வெப்ஹூக்குகளையும் பேஜஸ் கட்டமைப்புகளையும் நிறுத்தி வைத்தார்கள். தரவின் நேர்மையைச் சேவையின் வேகத்துக்கு மேலாக வைத்தோம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். நேர்முகத்தில் இந்த ஒரு நிகழ்வைப் படிப்படியாகச் சொல்ல முடிந்தால் தேற்றத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

தேன்சிட்டு

எல்லாருக்கும் நன்றி, ஒரு நாள் முழுவதும் இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மும்பை தலைமை நகல், அது தனித்துப்போய்விட்டது, டெல்லியும் ஹைதராபாத்தும் சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். மும்பையில் எழுத்தை மறுக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் இருப்பு எவ்வளவு என்று ஒருவர் பார்க்க மட்டும் கேட்டால், தன்னிடமுள்ள 1000 என்ற மதிப்பை மும்பை காட்டலாமா? படிப்பதால் எதுவும் கெடாதே?

வடகரை

கெடும். டெல்லியும் ஹைதராபாத்தும் புதிய தலைவரைத் தேர்ந்துவிட்டிருக்கும், அங்கே 800 எடுக்கப்பட்டு இருப்பு 200 ஆகியிருக்கும், மும்பை இன்னும் 1000 என்று காட்டும். அதை நம்பி ஒருவர் பொருளைக் கொடுத்துவிடலாம். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ராஃப்ட் போன்ற முறைகளில் ஒவ்வொரு தலைமைக் காலத்துக்கும் ஓர் எண் உண்டு. மும்பை 7ஆம் காலத்தின் தலைவர், புதியவர் 8ஆம் காலத்தின் தலைவர். இணைப்பு திரும்பி 8 என்ற எண்ணைப் பார்த்ததும் மும்பை தானே இறங்கிவிடும், பெரும்பான்மை ஒப்புதல் பெறாத அதன் பதிவுகள் நீக்கப்படும். ஆனால் அந்த எண் கண்ணில் படும்வரை தான் பதவி இழந்தது மும்பைக்குத் தெரியாது. அதனால் படிப்பதற்குக்கூட, நான் இன்னும் தலைவர்தானா என்று ஒரு முறை பெரும்பான்மையிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டும், அல்லது குறிப்பிட்ட காலத்துக்கு வேறு தலைவர் வரமாட்டார் என்ற குத்தகையை வாங்கி வைத்திருக்க வேண்டும். முதலாவது ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு பயணத் தாமதத்தைக் கூட்டும். இரண்டாவது, சர்வர்களின் கடிகாரங்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

இங்கேதான் தேர்வாளரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். இருப்பைப் பார்ப்பவர் முகப்புத் திரையில் பார்க்கிறாரா, பணம் செலுத்தும் இடத்தில் பார்க்கிறாரா? முகப்புத் திரையில் "10:42 நிலவரப்படி" என்று குறிப்பிட்டுப் பழைய மதிப்பைக் காட்டுவதில் தவறில்லை. செலுத்தும் இடத்தில் காட்டக் கூடாது. அமேசான் 2007இல் வெளியிட்ட டைனமோ கட்டுரையில் வணிகக் கூடையில் பொருளைச் சேர்ப்பதை ஒருபோதும் மறுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதற்கு விலையாக, நீக்கிய பொருள் சில நேரம் கூடையில் மீண்டும் தோன்றலாம் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு கூடைகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் பொருள் கூடுதலாக இருக்கும், வாங்குபவர் கண்டு நீக்கிக்கொள்வார். இரண்டு முறை எடுக்கப்பட்ட 800 ரூபாயை அப்படிச் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. ஒரே செயலிக்குள்ளேயே ஒரு செயலுக்கு ஒரு விடையும் மற்றொன்றுக்கு வேறு விடையும் இருக்கலாம்.

மணற்கேணி

வங்கிகளே ஏடிஎம் தொடர்பில் இல்லாதபோது ஒரு சிறு தொகைவரை கொடுத்துவிடும் ஏற்பாட்டை வைத்திருப்பதைப் புரூவர் தன் 2012 கட்டுரையில் சுட்டிக்காட்டுகிறார். ஆகவே பணம் என்றாலே மறுத்துவிட வேண்டும் என்பதும் இல்லை. 800க்கு மறுத்து, 100க்கு அனுமதித்து, மீறினால் அந்த இழப்பை நிறுவனம் ஏற்றுக்கொள்ளலாம்.

பனைநிழல்

அது சரியான திருத்தம், நானும் ஏற்கிறேன். எனக்கு வடகரையோடு வேறுபாடு இருப்பது தானியங்கி உயர்த்தலில். கிட்ஹப் நிகழ்வுக்குப் பிறகு, ஒரு பிராந்தியத்திலிருந்து இன்னொரு பிராந்தியத்துக்குப் பிரைமரியை ஆர்கெஸ்ட்ரேட்டர் உயர்த்தக் கூடாது என்று அமைப்பை மாற்றுவதாக அறிவித்தார்கள். ஒத்திசையா நகல் வைத்திருக்கும் எவரும் அதையே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 43 நொடி காத்திருந்தால் எல்லாம் தானாகவே சரியாகியிருக்கும்.

வடகரை

43 நொடி என்பது நிகழ்வு முடிந்த பிறகு நமக்குத் தெரிந்த எண். அந்த நேரத்தில் பணியில் இருந்தவருக்கு அது தெரியாது. தரவு மையம் உண்மையிலேயே போய்விட்டிருந்தால், ஒரு மனிதர் எழுந்து, மடிக்கணினியைத் திறந்து, முடிவெடுக்கும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். என் தீர்வு எழுத்துகளையே பெரும்பான்மை ஒப்புதலோடு முடிப்பது, அப்போது தானியங்கி உயர்த்தல் எதையும் இழக்காது.

பனைநிழல்

அந்தப் பெரும்பான்மை அமெரிக்காவின் இரு கரைகளிலும் பரவியிருந்தால், ஒரு செய்தி போய்த் திரும்பவே 60 முதல் 70 மில்லிசெகண்டு ஆகிறது. பிளவே இல்லாத நாளிலும் ஒவ்வொரு கமிட்டும் அவ்வளவு காத்திருக்கும், ஒரு பக்கத்துக்குப் பத்து எழுத்துகளை வரிசையாகச் செய்யும் பழைய பயன்பாடு அதைத் தாங்காது. ஆண்டுக்கு ஒரு முறை வரும் பிளவுக்காக ஒவ்வொரு நாளும் அந்தத் தாமதத்தைச் செலுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வடகரை

வாலட்டின் எழுத்துகளுக்கு மட்டும் நான் அதைச் செலுத்துவேன். மூன்று நகல்களையும் ஒரே பிராந்தியத்தின் மூன்று மண்டலங்களில் வைத்தால் தாமதம் ஓரிரு மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும், ஆனால் அந்தப் பிராந்தியமே போனால் என்ன செய்வது என்ற உங்கள் கேள்வி அப்படியே நிற்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தேன்சிட்டு

அடுத்த சுற்று வியாழக்கிழமை இருக்கிறது. இரண்டு நகல்களா, மூன்றா என்று முதலில் கேட்பேன். பிறகு அந்த 800 ரூபாய்க்கு மறுப்பு, 100 ரூபாய்க்கு அனுமதி, முகப்புத் திரைக்கு நேரக் குறிப்புடன் பழைய இருப்பு என்று செயல்வாரியாகச் சொல்லப் போகிறேன். தாமதம் பற்றிக் கேட்டால் உங்கள் இருவரின் வாதங்களையும் வைத்துவிட்டு, எந்தப் பிராந்தியத்தில் எத்தனை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று கேட்பேன்.